பயிற்சியில் நூற்றுக்கு நூறு, புதுத் தோட்டத்தில் தடுமாறுகிறது

வாழை இலைப்புள்ளி நோயைப் படத்தில் கண்டறிய ResNet-18 மாடலைப் பழக்கினேன். ஜூனில் களக்காட்டில் இரண்டு தோட்டங்களில் எடுத்த 600 படங்கள். பயிற்சியில் 100 சதவீதம் சரி. கடந்த வாரம் அம்பாசமுத்திரத்தில் எடுத்த 80 படங்களில் 43 மட்டுமே சரி. காசைச் சுண்டிப் பார்த்தாலே அவ்வளவு வந்துவிடும்.

மாடல் மனப்பாடம் செய்வதைக் குறைக்கும் டிராப்அவுட் சேர்த்தேன், படங்களைப் புரட்டிப்போட்டும் பழக்கினேன், பயனில்லை. பிறகு களக்காட்டுப் படங்களில் இலையைக் கறுப்பால் மறைத்துக் கொடுத்தேன். அப்போதும் "நோய்" என்றது! நோயுற்ற இலைகளின் படங்கள் அனைத்தும் ஒரே தோட்டத்தவை. அங்குள்ள செம்மண்ணைத்தான் மாடல் மனப்பாடம் செய்திருக்கிறது. சோதனைக்கு ஒதுக்கிய படங்களும் அதே வாழைகளில் எடுத்தவை என்பதால் 98 சதவீதம் காட்டி என்னை ஏமாற்றிவிட்டன.

இதை நம்பி விவசாயிகள் மருந்தடித்தால் என்னாவது என்று மனம் பதைக்கிறது. இனி ஒவ்வொரு தோட்டத்திலும் இருவகை இலைகளையும் எடுத்து, சில தோட்டங்களை முழுமையாகச் சோதனைக்கே ஒதுக்க நினைக்கிறேன். அதற்குக் குறைந்தது எத்தனை தோட்டங்கள் வேண்டும்?