தண்ணி இறங்கியும் றிலே விடுதில்லை: டார்லிங்டன் சோடியில என்ன பிழை?

சுன்னாகத்தான்: மேல் தாங்கி நிரம்பினா மோட்டரை நிப்பாட்டுற சேர்க்கிட். BC547 ரெண்டு, டார்லிங்டனாக. 12 வோல்ற் றிலே (கொயில் 400 ஓம்) கலெக்டர் பக்கம், டயோட் இருக்கு. ஒரு கம்பி 12 வோல்ற்றுக்கு, மற்றது 10k ஊடாக முதல் பேசுக்கு. தண்ணி தொட்டா இழுக்குது. இறங்கி அரை மணித்தியாலமாகியும் விடுதில்லை. பேசில 1.3 வோல்ற் காட்டுது, 0.6 தானே வரவேணும்? ட்ரான்சிஸ்ரர் பழுதோ?

கொக்குவில் வயர்: பழுதில்லை. முதலாவதின்ர எமிற்றர் இரண்டாவதின்ர பேசில நிக்குது. இரண்டாவது வேலை செய்ய அதின்ர பேஸ் 0.7இல இருக்கவேணும். முதலாவது அதுக்கு மேல இன்னொரு 0.6 ஏறவேணும். ரெண்டு சந்தியும் தொடர். ஆனா உள்தடை கெயின் வர்க்கம் தர 400 ஓம், 16 மெகா ஓம். அதால காத்தில வாற சத்தத்தைத்தான் பிடிக்குது.

மானிப்பாய் பெஞ்ச்: 1.3 கணக்குச் சரி. 16 மெகா இங்க பொருந்தாது. அது சுமை எமிற்றரில இருந்தாத்தான். இங்க எமிற்றர் நிலத்தில. கெயின் 200 எண்டா 30 மில்லி அம்பியரில இரண்டாவதின்ர உள்தடை 170 ஓம் அளவு, முதலாவது அதை 200 மடங்காக்கிக் காட்டும்: 33k. முதலாவதின்ர சொந்தத் தடையும் 33k. மொத்தம் 67k தான்.

கோளாறு கசிவு. றிலே இழுக்க 0.75 மைக்ரோ அம்பியர் போதும். எங்கட கிணத்துத் தண்ணிச் சுண்ணாம்பு கம்பிகளுக்கிடையில ஈரமாப் படிஞ்சு 5 மெகா ஓம் விட்டாலும் 2 மைக்ரோ போகும். இழுத்த றிலே விட 3 மில்லிக்குக் கீழ போகவேணும், அதைப் பிடிச்சு வைக்க 0.1 மைக்ரோவே காணும்.

முதல்ல ரெண்டு கம்பியையும் போர்டில கழட்டுங்கோ. விட்டா கசிவு கம்பியில, விடாட்டி ட்ரான்சிஸ்ரருக்குள்ள. முதல் பேசிலயிருந்து நிலத்துக்கு 470k போடுங்கோ: அந்த 5 மெகாவால பேஸ் 1.03 வோல்ற்றுக்கு மேல ஏறாது. இரண்டாவது பேசுக்கும் நிலத்துக்கும் 10k. நல்ல தண்ணி பத்து இருபது மடங்கு கூடத் தரும், இழுப்புக் குறையாது.

நல்லூர் ஐயா: நான் TIP122 ஒண்டையே போட்டன், தண்ணிக்குள்ள விட்டாலும் இழுக்கேல்லை. உங்கட சேர்க்கிட்டே பிழை.

மானிப்பாய் பெஞ்ச்: ஐயா, அதுக்குள்ள 8k, 120 ஓம் எண்டு ரெண்டு றெசிஸ்ரர் ஏற்கெனவே இருக்கு. 0.1 மில்லி அளவு பேசுக்குப் போகாட்டி விழிக்காது. கம்பிகளை நெருக்கிப் பாருங்கோ.

சுன்னாகத்தான்: கம்பி கழட்டினவுடன விட்டுது அண்ணை. 470k, 10k போட்டாச்சு, தண்ணி இறங்க விடுது. றிலே இழுத்திருக்கேக்க கலெக்டரில 0.8 நிக்குது, 0.1க்கு வரேல்லை. மோட்டர் தொடங்கேக்க ஒருக்கா துடிக்குது.

மானிப்பாய் பெஞ்ச்: 0.8க்குக் கீழ வராது. முதலாவது இரண்டாவதின்ர 0.7ஐத் தாங்கி நிக்கவேணும். றிலேக்கு 11.2 கிடைக்குது, காணும். துடிப்புக்கு முதல் பேசில 0.1 மைக்ரோ ஃபரட் வைச்சுப் பாருங்கோ. சென்சர் கம்பி மோட்டர் வயரோட ஒரே பைப்பில போகுதோ?