34 அங்குல மானிட்டருக்கு மாறினால் கார்டையும் மாற்ற வேண்டுமா?

மன்னைத்தம்பி: இப்போது 27 அங்குலம், 2560×1440. அதை விற்றுவிட்டு 34 அங்குல அல்ட்ராவைடு, 3440×1440 வாங்கலாம் என்று இருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு 3060 டிஐ. தாங்குமா?

அரசலாறு: தாங்காது தம்பி. அல்ட்ராவைடு என்றாலே கார்டுக்கு இரண்டு மடங்கு வேலை. என் மச்சான் போன பொங்கலுக்கு மாறினான், நொடிக்கு 90 ஃப்ரேம் வந்த கேமில் இப்போது 40-ஐத் தாண்டவில்லை. முதலில் கார்டுக்குக் காசு சேருங்கள், மானிட்டர் அப்புறம்.

கடைமடை: இரண்டு மடங்கா? இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் பையன்களைப் பயமுறுத்துகிறீர்கள். 2560-ஐ 1440-ஆல் பெருக்கினால் சுமார் 36 லட்சத்து 86 ஆயிரம் பிக்சல். 3440 என்றால் 49 லட்சத்து 53 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல், சரியாகச் சொன்னால் 34 சதவீதம். இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது?

அரசலாறு: 34 என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்படியானால் 100 ஃப்ரேம் 66 ஆகிறது. அது சின்ன அடியா?

ஆலைக்காரர்: நெல் அரவை ஆலையில் ஒரு வருடமாக 34 அங்குலம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் டேலி, மறுபக்கம் எடைமேடைக் கணக்கு. தனிக் கார்டே கிடையாது, நன்றாகத்தான் ஓடுகிறது. 34 அங்குலத்துக்கு 34 சதவீதம் என்றால் 43 அங்குல டிவிக்கு 43 சதவீதமா?

கடைமடை: அங்குலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை ஐயா. 34 என்ற எண் இரண்டு இடத்தில் வந்தது தற்செயல். கண்ணாடி எவ்வளவு பெரியது என்பது கார்டுக்குத் தெரியாது, எத்தனை பிக்சல் நிரப்ப வேண்டும் என்பதுதான் தெரியும். உங்கள் டேலிக்கு நொடிக்கு நொடி புதிதாக வரைய ஒன்றுமில்லை.

அரசலாறு, 66 இல்லை, 74. மோட்டார் கணக்காகச் சொல்கிறேன். மூன்று மா நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச 9 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். நான்கு மா என்றால் 12 மணி நேரம். வேலை 33 சதவீதம் கூடியது. ஆனால் 36 மணி நேரத்தில் மூன்று மாவுக்கு நான்கு தடவை பாய்ச்சலாம், நான்கு மாவுக்கு மூன்று தடவை. நான்கு மூன்றானால் குறைந்தது கால்பங்குதானே? வேலை கூடும் சதவீதமும் தடவை குறையும் சதவீதமும் ஒன்றல்ல. 100-ஐ 1.34-ஆல் வகுத்துப் பாருங்கள்.

அரசலாறு: ஆற்றுப் பாசன ஊரில் மோட்டார் கணக்குச் சொல்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

கடைமடை: மேட்டூரில் திறந்த தண்ணீரை நீங்கள் குடித்து முடித்து மிச்சம் வந்தால்தானே எங்களுக்கு ஆற்றுப் பாசனம்? ஒருமுறை திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து பாருங்கள், ஏன் மோட்டார் என்று புரியும்.

திண்ணை: தண்ணீர்ச் சண்டையை இங்கேயும் ஆரம்பித்துவிட்டீர்களா? அரசலாறு, உங்கள் மச்சானின் பழைய மானிட்டர் என்ன?

அரசலாறு: 24 அங்குலம், ஃபுல் எச்டி. அதனால் என்ன? அதுவும் வைடுஸ்கிரீன்தானே?

கடைமடை: இதைத்தான் எதிர்பார்த்தேன். 1920×1080-இலிருந்து 3440×1440-க்குப் போனால் கிட்டத்தட்ட 2.4 மடங்கு பிக்சல். 90-ஐ அதால் வகுத்தால் 37 சொச்சம், அவர் சொன்ன 40 வந்துவிட்டது. உயரமும் கூடியது, அகலமும் கூடியது, பழி மட்டும் அல்ட்ராவைடின் மேல். அவர் 27 அங்குல 2560×1440 வாங்கியிருந்தாலும் அந்த அடியில் பெரும்பகுதி விழுந்திருக்கும். தம்பி அதை ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

அரசலாறு: கேள்வி அல்ட்ராவைடா சாதா வைடா என்பது. ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் ஃபுல் எச்டிதான் இருக்கிறது, அவர்களுக்கு நான் சொன்னதுதான் நடக்கும். சரி, பிக்சலை விடுங்கள். அகலமான திரையில் பக்கவாட்டில் கூடுதலாக வீடு, மரம், எதிரி எல்லாம் தெரிகிறதே, அதை வரைவது யார்? உங்கள் மோட்டாரா?

கடைமடை: இது ஒன்று உருப்படியான கேள்வி. சில கேம் பக்கவாட்டில் காட்சியை விரிக்கும், அப்போது பொருள்கள் கூடும், அந்தச் சுமையில் ஒரு பகுதி பிராசஸர் மேலும் விழும். சில கேம் மேலும் கீழும் வெட்டிவிட்டு அகலமாகக் காட்டும், அதில் கூடுதல் பொருள் ஒன்றும் வராது. ஆனால் நான் அளந்த கணக்கில் அதுவும் அடங்கியிருக்கிறது.

என் கார்டும் 3060 டிஐதான். அளக்க இரண்டு மானிட்டர் வேண்டாம். அல்ட்ராவைடிலேயே கேம் அமைப்பில் 2560×1440 வைத்தால் இரண்டு ஓரமும் கறுப்பாகிவிடும். அதே இடத்தில், அதே அமைப்பில் ஒருமுறை, முழு அகலத்தில் ஒருமுறை. என்விடியா ஆப் ஓடும்போது Alt+R அழுத்தினால் மூலையில் ஃப்ரேமும் கார்டின் உழைப்பும் தெரியும். காட்சி விரிகிற ஒரு கேமில் 80 வந்தது 64 ஆனது. அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 12.5 மில்லிநொடி ஆனது 15.6 ஆகியது. எல்லாமே பிக்சலோடு வளர்ந்திருந்தால் 16.8 ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஏனென்றால் நிழலுக்கான கணக்கு போன்ற சில வேலைகள் திரை அகலத்தைப் பொறுத்தவை அல்ல. நிலம் மூன்று மாவானாலும் நான்கு மாவானாலும் தண்ணீர் வாய்க்கால் ஓடி வயலைத் தொட அதே அரைமணிதானே?

இன்னொரு கேமில் 92 வந்தது 91. அங்கே கார்டின் உழைப்பு 65 சதவீதத்திலிருந்து 84-க்கு ஏறியது, அவ்வளவுதான். கார்டு ஓய்வாக இருந்தது, பிராசஸர்தான் தடை. ஆகவே தம்பி, இப்போதே மூலையில் பாருங்கள். 97, 98 என்று நின்றால் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால்பங்கு வரை போகும். 65, 70 என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

திண்ணை: கார்டின் 8 ஜிபி நினைவகம் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

கடைமடை: திரை அளவுக்கான இடம் கொஞ்சம் கூடும், டெக்ஸ்சர் அதேதான். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற கேம் என்றால் அந்தக் கொஞ்சமே வழிந்துவிடும். சராசரி ஃப்ரேம் நன்றாக இருக்கும், திரும்பும்போது மட்டும் வெட்டி வெட்டி ஓடும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

திண்ணை: நான் இறக்கியும் வெட்டுகிறது.

கடைமடை: எந்தக் கேம், எவ்வளவு ரேம் என்று சொல்லாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

அரசலாறு: பாருங்கள், முதலில் ஒன்றும் ஆகாது, அப்புறம் கால்பங்கு, இப்போது டெக்ஸ்சரையும் இறக்கணும். நான் ஒரே வரியில் சொன்னேன். பழைய கார்டை "ஆறு மாதம்தான் ஓடியது" என்று என்னிடம் விற்றவரின் கணக்கு இப்படித்தான் இருக்கும். அதன் ஃபேன் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கிறது.

கடைமடை: தூசி தட்டாமல் திண்ணையோர ஜன்னலில் வைத்தால் எந்த ஃபேனும் கத்தத்தான் செய்யும். அது இங்கே எதற்கு? 74.

அரசலாறு: 100-இல் 34 போனால் 66. நான்காம் வகுப்புக் கணக்கு.

ஆலைக்காரர்: என்னுடையது 2560×1080 என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியானால் இதுவும் அல்ட்ராவைடுதானே? இதற்கு எவ்வளவு குறையும்?

மன்னைத்தம்பி: பார்த்தேன் அண்ணே. நான் ஆடுகிற இரண்டில் ஒன்று 98, ஒன்று 71. இப்போது வாங்கலாமா வேண்டாமா?

அரசலாறு: வேண்டாம்.

கடைமடை: 98-இல் நிற்பதில் இப்போது எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பதைச் சொல்லுங்கள் முதலில்.