எண்ணூர் முகத்துவாரம்: ஓத அட்டவணையும் கடல் அறிவிப்பும் வைத்து நாளைக்குக் கிளம்பலாமா?

நெட்டுக்குப்பம் தம்பி:
மாமாவோட ஃபைபர் போட்ல நாளைக்குப் போகணும். அட்டவணையில் சென்னைக்கு இப்படி இருக்கு: 04:52 – 0.25 மீ, 11:05 – 1.02 மீ, 17:10 – 0.31 மீ. அறிவிப்பில் காற்று மணிக்கு 20 கி.மீ., அலை 1.2 மீட்டர், அலை இடைவெளி 13 விநாடி. எச்சரிக்கை எதுவும் இல்லை. நாலரைக்குக் கிளம்பி ரெண்டு மணிக்குத் திரும்பினால் சரியா?

பட்டினப்பாக்கம் ரவி:
20 கி.மீ. காற்றெல்லாம் ஒரு காற்றா? தாராளமா போ. இங்கே கரையிலிருந்து நேராத் தள்ளிட்டுப் போறோம், ஓதக் கணக்கே பார்க்கிறதில்லை.

காசிமேடு பெரியவர்:
ரவி சொல்வது அவர் கரைக்குச் சரி, முகத்துவாரத்துக்கு ஆகாது. தம்பி, 0.25 என்பது அங்கே இருக்கும் ஆழம் இல்லை. வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழத்தோடு கூட்ட வேண்டிய அளவு. முகத்துவார வாயில் மணல் திட்டுக்கு மேல் வரைபட ஆழம் 0.6 மீட்டர் என்று வைத்துக்கொள். நாலரைக்கு மொத்தமே 0.85 தான். அலைப் பள்ளம் வரும்போது அரை மீட்டர் இறங்கினால் மிச்சம் 0.35, மோட்டார் விசிறி மணலில் அடிக்கும். பத்தரைக்கு அதே இடத்தில் 1.6 இருக்கும், பள்ளத்திலும் 1.1 நிற்கும்.

ரெண்டு மணிக்குத் திரும்புவது இன்னும் மோசம். அப்போது வற்றம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆத்துத் தண்ணி வெளியே பாய, அலை உள்ளே வர, ரெண்டும் மோதுகிற இடத்தில் அலை செங்குத்தாகி உடையும். 13 விநாடி என்றால் தூரத்திலிருந்து வரும் பெருங்கடல் அலை. வெளியே தூக்கிப்போடுவதே தெரியாது, ஆழம் குறைந்ததும்தான் எழும். மத்தியானம் கடல் காற்றும் கூடிவிடும். ஆறரைக்கு மேல் ஏற்றத்தில் வெளியே போ, பத்து பதினொன்றுக்குள் உள்ளே வா.

நெட்டுக்குப்பம் தம்பி:
அப்போ 1.2 மீட்டருக்கு மேல் அலை வராதுதானே அண்ணா?

காசிமேடு பெரியவர்:
வரும். அது எல்லா அலைகளிலும் பெரியதாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுவில் ரெண்டு மடங்கு ஒன்று வந்தாலும் ஆச்சரியம் இல்லை. வாய்க்கு வெளியே நின்று சில வரிசை அலை போகவிட்டுப் பார், எங்கே வெள்ளை உடையுதோ அங்கேதான் திட்டு.

கோவளம் தூண்டில்:
ஒரு சந்தேகம், நான் பாறையில் நின்று தூண்டில் போடுறவன். என் செயலியில் ஏற்றம் 05:35 என்று காட்டுது, தம்பி 11:05 என்கிறார். எது சரி?

காசிமேடு பெரியவர்:
அஞ்சரை மணி நேரம் வித்தியாசம் என்றால் உங்களுடையது உலகப் பொது நேரம். அமைப்பில் இந்திய நேரமா என்று பாருங்கள்.

நெட்டுக்குப்பம் தம்பி:
முகத்துவாரத்திலும் 11:05க்கே நீரோட்டம் திரும்புமா?

காசிமேடு பெரியவர்:
அந்த நேரம் துறைமுகத்துக்குப் போட்டது. கழிமுகத்தில் தண்ணீர் மட்டம் திரும்பினாலும் ஓட்டம் கொஞ்ச நேரம் பழைய பக்கமே போகும். எவ்வளவு நேரம் என்பது மணல் அடைப்பைப் பொறுத்து மாறும். உங்க மாமாதான் சரியாகச் சொல்வார், அவரைக் கேள்.

பட்டினப்பாக்கம் ரவி:
என்ன சொன்னாலும் பத்து மணிக்குத் திரும்பினால் மீன் எங்கே கிடைக்கும்?