புதுப்பிப்பு: அந்த பில்லிங் ஆப் அசைன்மென்ட் என்ன ஆச்சு

"கோவையில் ஒரு கம்பெனி, இன்டர்வியூவுக்கு முன்பே முழு பில்லிங் ஆப் எழுதித் தரச் சொல்கிறது. காசு கிடையாது. வாய்ப்பு கெடாமல் எப்படி மறுப்பது?" போன வாரம் நான் கேட்டது இது.

இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி, மறுப்பதற்கு முன் மணிக்கணக்குப் போட்டேன். லாகின், ஸ்டாக், ஜிஎஸ்டி பில், டெப்ளாய்மென்ட் எல்லாம் சேர்த்து 30 மணி நேரம். அப்புறம் அனுப்பிய மெயில்:

"இந்த வேலையில் ஆர்வம் உண்டு. இப்போதைய வேலையோடு 30 மணி நேரம் ஒதுக்க இயலவில்லை. ஜிஎஸ்டி கணக்கை மட்டும் டெஸ்ட்டோடு 3 மணி நேரத்தில் எழுதித் தருகிறேன். அல்லது உங்கள் இன்ஜினியரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதலாம். எது வசதி?"

"காசு கேளு" என்றவர் சொன்னது பாதி சரி. ஆனால் காசு என்றால் ஹெச்ஆர் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், மெயில் அங்கேயே தூங்கும். திருப்பூர்க்காரர் ஒருவர், "நாங்க பையருக்குச் சாம்பிள் சும்மாதானுங்க தைக்கிறோம்" என்றார். சாம்பிள் சரிங்க, இவர்கள் கேட்டது முழு ஆர்டர்!

இரண்டாம் நாள் ஹெச்ஆர் கூப்பிட்டார்: "டீம் லீடு சேர்ந்தே எழுதலாம்னுட்டாருங்க." புதன்கிழமை உட்காருகிறோம். முழு ஆப்பையும் எழுதிக் கொடுத்தவர்களோடு என்னை எப்படி ஒப்பிடுவீர்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.