காலியிடம் இல்லாத கம்பெனிக்குக் கடிதம்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். சேலத்தில் இந்த வருடம்தான் மெக்கானிக்கல் முடித்தேன். ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனிக்கு, ஆள் எடுக்காத நேரத்திலும் எழுதிப் பார்க்கிறேன். "ஏதேனும் வேலை இருந்தால்" என்று தொடங்கியிருந்ததை அடித்துவிட்டேன். அதற்கு "இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். இப்போது முதல் வரி இதுதான்:

"ஆத்தூர் பக்கம் ஓர் ஆலையில் ப்ராஜெக்ட் செய்தபோது, கிழங்கில் ஒட்டி வரும் மண்ணால் அரவை உருளையின் பற்கள் மழுங்குவதைப் பார்த்தேன், 2 வாரம் தேய்மானத்தை வெர்னியரில் அளந்து குறித்திருக்கிறேன்."

அந்த அளவுகளை ஒரே பக்கத்தில் இணைக்கிறேன். கடைசியில் வேலை என்று கேட்காமல், நேரில் பேச 15 நிமிடம் மட்டும் கேட்கிறேன்.

அவர்களுடைய இயந்திரத்தையே குறை சொல்வதுபோல் படுமா? அப்புறம், இதை முதலாளிக்கு அனுப்புவதா, புரொடக்‌ஷன் மேனேஜருக்கா? இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.