கல்முனை – சென்னை, ஐந்து பேர்: பஸ்ஸா, ரயிலா, பலாலியா?

கேட்டவர்: கல்முனைக்குடி
நாங்கள் இருவர், 68 வயது உம்மா, 9 வயது மகன், ஒன்றரை வயது மகள். சென்னையில் கல்யாணம். கட்டுநாயக்காவில் ஏறுவதா, பலாலியில் ஏறுவதா? விமானம் வரை போக பஸ் மலிவா, ரயில் மலிவா? வழிச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டேஷன் வீதி
இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ரயில்தான். மட்டக்களப்பிலிருந்து இரவு மெயிலில் ஏறினால் விடியப்புறம் கொழும்பு. 3 வயது முதல் 12 வயது வரை அரை டிக்கட், சின்னவளுக்குக் காசே இல்லை. பஸ்ஸில் மகனுக்கும் முழு சீட் காசு கேட்பார்கள். பாதிக்குப் பாதி மிச்சம்.

மருதமுனை நானா
டிக்கட்டில் மட்டும்தான் பாதி மிச்சம் தம்பி. கல்முனையில் ரயில் இல்லை, கட்டுநாயக்காவில் அந்த ரயில் நிற்காது. இரண்டு நுனியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கீழே உள்ள தொகைகள் கணக்கு ஓடும் விதத்தைக் காட்ட நான் வைத்தவை. புறப்படும் வாரத்துக் கட்டணத்தைக் கேட்டு அந்த இடத்தில் போடுங்கள்.

இரவு ஏசி பஸ் சீட் 3,000 ரூபா என்று வைப்போம். பிள்ளை மடியில், நாலு சீட் 12,000. இறங்குமிடத்திலிருந்து விமான நிலையத்துக்கு வேன் 7,000. மொத்தம் 19,000.

ரயில் சீட் 2,000 என்றால் மூன்று பெரியவர்களுக்கு 6,000, மகனுக்கு 1,000. ஆக 7,000. ஆனால் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பெட்டிகளோடு வேன் பிடித்தால் 6,000, ராகமையிலோ கோட்டையிலோ இறங்கி விமான நிலையத்துக்கு இன்னொரு 6,000. அதுவும் 19,000தான். ரயிலில் மிச்சம் வருவது, மட்டக்களப்பு வரை பகல் பஸ்ஸில் போனால் மட்டுமே. இரவு மெயிலைப் பிடிக்கப் பகலிலேயே புறப்படுவதால் அது முடியாத காரியமில்லை.

பஸ்ஸில் போனால் எங்கே இறங்குவது என்பதுதான் பெரிய விஷயம். குருநாகல் வழியாக வந்தாலும் கண்டி வழியாக வந்தாலும் பெரும்பாலான பஸ்கள் கடைசியில் கண்டி வீதியில் கடவத்தையைத் தாண்டித்தான் கொழும்புக்குள் நுழையும். கடவத்தையில் இறங்கினால் அங்கிருந்து கெரவலப்பிட்டி, பிறகு கட்டுநாயக்கா என்று முழு வழியும் அதிவேகப் பாதை. கோட்டைக்குப் போய்த் திரும்பி வருவதைவிட நேரமும் வேன் காசும் குறையும். பஸ் மொனராகலைப் பக்கமாகச் சுற்றித் தெற்கு அதிவேகப் பாதையால் வந்தால் கடவத்தையில் இறங்கும் கணக்கு சரிவராது. ஆகவே சீட் போடும்போதே "எந்த வழி?" என்று கேளுங்கள்.

ஸ்டேஷன் வீதி
சரி, நுனி இரண்டையும் நான் சேர்க்கவில்லை. ஆனால் கோட்டைக்குப் போனால் 187 பஸ் இருக்கிறதே. எதற்கு வேன்?

மருதமுனை நானா
ஒற்றையாளுக்கு 187 நல்லதுதான். ஐந்து பேர், நாலு பெரிய பெட்டி, கைப்பிள்ளை என்றால் கோட்டை ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறும் இடம் வரை பெட்டி இழுப்பதே பெரும்பாடு. கார் டாக்சியிலும் இத்தனை பெட்டி டிக்கியில் அடங்காது. இரண்டு கார் பிடிப்பதைவிட ஒரு வேனை முதல் நாளே பேசி வைப்பது மலிவு.

ஏறாவூர் ராத்தா
காசு மட்டும் பார்க்கிறீர்கள். 68 வயது உம்மாவுக்கு இரவில் நாலு தரம் பாத்ரூம் போக வேண்டி வந்தால்? ரயிலில் பெட்டியிலேயே இருக்கிறது. இரவு பஸ் ஒரு இடத்தில்தான் நிற்கும், அதுவும் டிரைவர் நினைத்த கடையில். நடுச்சாமத்தில் "நிறுத்துங்கள்" என்று கேட்க உம்மா கூச்சப்படுவா. தண்ணீர் குடிக்காமல் வருவா, விடிய விமான நிலையத்தில் தலை சுற்றும்.

சாப்பாடும் அப்படித்தான். பஸ் நிற்கும் கடையில் விலை கூட, ஹலாலா என்று கேட்டு அறியவும் நேரமில்லை. வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். தேங்காய்ப்பால் கறியும் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம், பொதிக்குள் சூட்டோடு அடைத்தால் நடு இரவிலேயே புளித்துவிடும். ரொட்டி, கோழிப் பொரியல், அவித்த முட்டை போதும். எல்லாம் ஆறிய பிறகு சுற்றுங்கள், சூட்டோடு சுற்றினால் ஆவி தண்ணீராகி ரொட்டி ஊறிப்போகும். பிள்ளையின் பால்மாவை ஒருவேளைக்கு ஒன்றாகச் சின்னப் பைகளில் பிரித்துக் கட்டி, பிளாஸ்கில் வெந்நீர். குடிதண்ணீர்ப் போத்தலைச் சோதனைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையின் பாலுக்குத் தடை இல்லை, தனியே எடுத்துக் காட்டினால் சரி.

பாண்டிருப்பு 7
யாழ்ப்பாணத்தில் எங்கள் மாமி வீடு இருப்பதால் நாங்கள் எப்போதும் பலாலிதான். முதல் நாள் போய்த் தங்கி, குளித்து, சாப்பிட்டு ஆறுதலாக ஏறலாம். பெரிய விமான நிலையத்தில் உம்மாவை நடக்க வைக்கவும் தேவையில்லை.

மருதமுனை நானா
மாமி வீடு இல்லாதவர்களுக்கு அதே கணக்கு மாறும். கல்முனையிலிருந்து யாழ்ப்பாணம் நீண்ட பஸ் ஓட்டம். ரயிலில் போவதென்றால் மாஹோ சந்தி வரை மேற்கே போய் மாறி ஏற வேண்டும், அது இந்தக் குடும்பத்துக்கு ஆகாது. விடிய யாழ் பஸ் நிலையத்தில் இறங்கி விமான நேரம் வரை எங்கே இருப்பது? ஓர் அறை எடுத்தால் அந்தக் காசையும், பலாலிக்கு வேன் காசையும் சேருங்கள். விமான டிக்கட்டில் ஆளுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து நாலால் பெருக்குங்கள். அந்தத் தொகை அறையையும் கூடுதல் பயணத்தையும் தாண்டினால் மட்டும் பலாலி.

ஐந்து பேர் என்றாலும் நாலால்தான் பெருக்க வேண்டும். 2 வயது நிறையாத பிள்ளை மடியில் போவதால் சிறு தொகைதான். 9 வயது மகனுக்கு அநேகமாகப் பெரியவரின் காசு. இன்னொன்று: திரும்பி வரும் நாளுக்குள் மகளுக்கு 2 வயது நிறைந்தால் திரும்பும் டிக்கட் சீட்டோடு எடுக்க வேண்டி வரும். பிறந்த திகதியைப் பார்த்துவிட்டு நாளைப் போடுங்கள்.

பாண்டிருப்பு 7
அறையெடுத்தாலும் பலாலிதான் என்பேன். கட்டுநாயக்காவுக்கு இரவெல்லாம் தூங்காமல் போவதும் ஒரு செலவுதானே. மட்டக்களப்பிலிருந்தே உள்ளூர் விமானம் என்று ஒன்று இல்லையா?

மருதமுனை நானா
மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் பாவனைக்குத் திறந்தது. வந்து போனது செஸ்னா கரவன் மாதிரிச் சின்ன விமானம். விலை உல்லாசப் பயணிகளுக்குப் போட்டது, பெட்டியின் எடையும் கட்டுப்பாடு. இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

கல்முனைக்குடி
அப்படியானால் இரவு ரயில், காலை 8 மணி விமானம். சரியா?

மருதமுனை நானா
8 மணி வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னால் என்றால் 5 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பாதையில் கல்ஓயா, ஹபரணை, மின்னேரியாப் பக்கம் யானைக்காடு. 2025 பெப்ரவரியில் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது, ஆறு யானைகள் செத்தன. அப்படி நடக்காத இரவுகளிலும் ரயில் பிந்தலாம். ரயில் பிந்தியதற்காக விமானக் கம்பனி டிக்கட் காசு தராது, இரண்டும் தனித்தனி டிக்கட். மதியத்துக்குப் பிந்திய விமானமாகப் பாருங்கள். காலை விமானத்தில் 5,000 குறைந்தாலும் தவறவிட்டால் நாலு டிக்கட் போகும்.

சீட்டை seatreservation.railway.gov.lk இல் முன்கூட்டியே போடுங்கள். நீண்ட விடுமுறை வாரத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். அடையாள அட்டை இலக்கம் டிக்கட்டில் ஏறும், ரயிலிலும் கேட்பார்கள், ஆகவே வேறு ஆளின் பெயரில் வாங்கிய டிக்கட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

ஏறாவூர் ராத்தா
சீட் போடும்போது பாத்ரூமுக்குக் கிட்டிய வரிசை கிடைக்குமா என்று பாருங்கள். ஆனால் கதவோடு ஒட்டிய வரிசை வேண்டாம், இரவெல்லாம் ஆட்கள் போய் வருவார்கள், பிள்ளை தூங்காது.

ஸ்டேஷன் வீதி
ராகமையில் அந்த ரயில் நிற்குமா என்று நாளைக்கு ஸ்டேஷனில் கேட்டு இங்கேயே போடுகிறேன். நின்றால் கோட்டை வரை போகாமலே வேனை அங்கே வரச் சொல்லலாம்.