டாப்ளர் கணக்கில் கூட்டலா கழித்தலா: 'குறியீட்டு மரபு' போதுமா, புதுச்சொல் வேண்டுமா?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக டாப்ளர் விளைவுக் கணக்குகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒலிமூலமும் ஓடுகிறது, கேட்பவரும் ஓடுகிறார் என்று வரும் கணக்குகளில்தான் சொல் இடறுகிறது.

போன வாரம் வகுப்பில் கொடுத்த கணக்கு இது. நேர்ச்சாலையில் ஒரு பைக் 20 மீ/வி வேகத்தில் போகிறது. பின்னால் 40 மீ/வி வேகத்தில் காவல்துறை வண்டி துரத்துகிறது. அதன் சைரன் 600 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலியின் வேகம் 340 மீ/வி. பைக்காரர் கேட்கும் அதிர்வெண் என்ன?

பாதிப் பேர் 505 என்று எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டேன். "கேட்பவர் விலகி ஓடுகிறார், அதனால் மேலே கழித்தல். மூலம் நெருங்கி வருகிறது, அதனால் கீழே கூட்டல். குறியீட்டு மரபுப்படிதான் போட்டோம் மிஸ்" என்றார்கள். அதாவது 600 × 320/380. துரத்துகிறவர் நெருங்கிக்கொண்டிருக்கும்போது சுருதி எப்படிக் குறையும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எனக்குப் படுவது என்னவென்றால், ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மூன்று வழக்கங்களை நாம் 'குறியீட்டு மரபு' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். தனித்தனிப் பெயர் இருந்தால் குழப்பம் குறையும். உங்கள் பரிந்துரைகள் தேவை.

தினேஷ்:

அக்கா, பெயர் வைப்பதற்கு முன்னால், இவ்வளவு சிக்கல் தேவையா என்று பாருங்கள். நெருங்கும் வேகம் 40 − 20 = 20. சார்பு வேகம்தானே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது? கேட்பவர் நிற்கிறார், மூலம் 20 மீ/வி வேகத்தில் வருகிறது என்று வைத்துப் போட்டால் 600 × 340/320 = 637.5 வரும். ஒரே குறி, ஒரே வேகம். 'சார்பு வேக முறை' என்று பெயர் வைத்துவிடலாம்.

குமரேசன்:

தம்பி தினேஷ், நெருங்கினால் கூடும், விலகினால் குறையும் என்பதற்குச் சார்பு வேகம் போதும். எவ்வளவு கூடும் என்பதற்குப் போதாது. நீங்களே இன்னொரு விதமாகவும் போட்டுப் பாருங்கள். மூலம் நிற்கட்டும், கேட்பவர் 20 மீ/வி வேகத்தில் அதை நோக்கி வரட்டும். 600 × 360/340, ஏறத்தாழ 635.3. அதே சார்பு வேகம், வேறு விடை. செல்வியின் கணக்குக்குச் சரியான விடை இரண்டும் இல்லை, 640. வெற்றிடத்தில் செல்லும் ஒளிக்கு என்றால் உங்கள் பேச்சு எடுபடும், அதற்கு வாய்பாடும் வேறு. ஒலிக்கு நடுவே காற்று என்று மூன்றாவது ஆள் இருக்கிறது. 20, 40, 340 எல்லாமே காற்றைப் பொறுத்த வேகங்கள்.

குறியே போடாமல் ஒருமுறை செய்து காட்டுகிறேன். சைரன் வினாடிக்கு 600 அலை விடுகிறது. ஒரு வினாடியில் முதல் அலை 340 மீட்டர் முன்னே போயிருக்கும், வண்டியும் அதே பக்கம் 40 மீட்டர் போயிருக்கும். ஆக 600 அலைகளும் 300 மீட்டருக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அலைக்கு அலை அரை மீட்டர். இப்போது பைக்காரர் பக்கம் வாருங்கள். அலை 340-இல் வருகிறது, இவர் 20-இல் தப்பி ஓடுகிறார். அவரைக் கடப்பது வினாடிக்கு 320 மீட்டர் அலைத்தொடர். அரை மீட்டருக்கு ஒன்று என்றால் 640. அவ்வளவுதான்.

மூலத்தின் ஓட்டம் அலை இடைவெளியை மாற்றுகிறது. கேட்பவரின் ஓட்டம், அலைகள் அவரைக் கடக்கும் வேகத்தை மாற்றுகிறது. வேலைகள் வேறு வேறு. அதனால்தான் ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் வருகிறது.

முத்து:

நான் அறிவியல் படித்தவன் இல்லை, தமிழுக்காக இந்தக் குழுவில் இருக்கிறேன். எங்கள் வீடு அரசு மருத்துவமனைச் சாலையில். ஆம்புலன்ஸ் தூரத்தில் மெல்லக் கேட்கும், கிட்ட வர வரக் கூடிக்கொண்டே போய் வாசலில் காதைப் பிளக்கும், அப்புறம் அடங்கும். இதற்குத்தானே பெயர் கேட்கிறீர்கள்? 'ஏறொலி, இறங்கொலி' என்று வைக்கலாமே.

செல்வி:

முத்து ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது சத்தத்தின் அளவு, கணக்கு கேட்பது சுருதி. நேராக நெருங்கும் வரை சுருதி ஏறிக்கொண்டே போகாது. உயர்ந்த ஒரே நிலையில் நின்று, கடந்ததும் தாழ்ந்த ஒரே நிலைக்கு விழும். நீங்கள் சாலையை விட்டுத் தள்ளி நிற்பதால் அந்த வீழ்ச்சி வழுக்கிக்கொண்டு நடப்பதுபோல் கேட்கும், ஏனென்றால் வண்டியின் வேகத்தில் உங்களை நோக்கிய பங்கு மட்டுமே கணக்கில் சேரும். அந்தப் பங்கு வாசலை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வரும். ஆகவே சத்தம் ஏறும் அதே நேரத்தில் சுருதி இறங்கத் தொடங்கியிருக்கும். அடுத்த ஆம்புலன்ஸில் கவனித்துப் பாருங்கள். (யாருக்கும் ஒன்றும் ஆகாமல் வெறும் வண்டியாக வரட்டும்.)

கோகிலா, யாழ்ப்பாணம்:

வணக்கம். எங்களுடைய பாடநூல்களில் அதிர்வெண் கிடையாது, மீடிறன்தான். அந்தச் சண்டையை இன்றைக்கு இழுக்கவில்லை. குறி விசயத்துக்கு வருகிறேன். 'குறியீடு' என்றால் f, v மாதிரியான எழுத்துகள் அல்லவா? இங்கே பேச்சு + − பற்றியது, அது 'குறி'. அதனால் 'குறிவழக்கு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மரபு என்றால் காலகாலமாக வந்தது, மாற்றக்கூடாதது என்ற தொனி இருக்கிறது. வழக்கு என்றால் நாங்கள் பேசி ஒத்துக்கொண்டது.

செல்வி சொல்வதுபோல் எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்ப்போமா?

குமரேசன்:

'குறிவழக்கு' எனக்குச் சம்மதம். எண்ணிப் பார்த்தால் மூன்று.

முதலாவது, இரண்டு வேகத்தையும் வெறும் அளவாக, நேர் எண்ணாக வைத்துக்கொண்டு, நெருங்கினால் ஒரு குறி, விலகினால் மறு குறி என்று வாய்பாட்டிலேயே குறியைத் திருப்புவது:

```
f' = f (v ± vo) / (v ∓ vs)      மேல்குறி: நெருங்கும்போது
```

இரண்டாவது, மூலத்திலிருந்து கேட்பவரை நோக்கி ஒரு திசையை நேர்த்திசையாக வைத்து, இரண்டு வேகத்தையும் அதே அச்சில் குறியோடு எழுதுவது:

```
f' = f (v − vo) / (v − vs)
```

மூன்றாவது, அச்சைத் திருப்பிக் கேட்பவரிலிருந்து மூலத்தை நோக்கி நேர் என்று வைப்பது. மத்தியப் பாடத்திட்டப் பதினொன்றாம் வகுப்புப் பழைய நூலில் இதுதான் இருந்தது. மேலும் கீழும் கூட்டல் வரும்:

```
f' = f (v + vo) / (v + vs)
```

செல்வியின் மாணவர்கள் கேட்பவருக்குச் சரியாகப் போட்டுவிட்டு, 'நெருங்கினால் கூட்டல்' என்பதை மூலத்துக்கும் அப்படியே நீட்டிவிட்டார்கள். நெருங்கினால் விடை கூட வேண்டும், அதற்குப் பகுதி குறைய வேண்டும் என்பது விட்டுப்போயிற்று. மூன்றாவது வழக்கைப் படித்த பிள்ளை அதன் வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, குறியை இரண்டாவதிலிருந்து எடுத்தாலும் இதே மாதிரி விபத்துதான்.

செல்வி:

அப்படியானால் முதலாவதை 'அணுகல் வழக்கு' என்றும், இரண்டாவதை 'செல்திசை வழக்கு' என்றும் சொல்லலாமா? ஒலி செல்லும் திசை, செல்திசை. செல்வழி மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது. மூன்றாவது 'எதிர்திசை வழக்கு'.

தேர்வுக்கு நான் பரிந்துரைப்பது செல்திசை. துரத்தல் கணக்கில் ஒலி வண்டியிலிருந்து பைக்குக்குச் செல்கிறது, இரண்டு வண்டிகளும் அதே பக்கம் போகின்றன, ஆகவே இரண்டு வேகமும் நேர். 600 × (340 − 20)/(340 − 40) = 640.

இதில் ஒரு பொறி உண்டு. காவல் வண்டி பைக்கை முந்திப் போன பிறகு? வண்டிகள் திசை மாறவில்லை, ஆனால் ஒலி இப்போது பின்னோக்கி வருகிறது. செல்திசை திரும்பிவிட்டது. இரண்டு வேகமும் எதிர்க்குறி ஆகின்றன: 600 × (340 + 20)/(340 + 40), ஏறத்தாழ 568. சாலையின் திசையையே நேர் என்று மனதில் வைத்திருப்பவர்கள் 640-ஐயே திரும்ப எழுதுவார்கள்.

தினேஷ்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஐயா சொன்ன அரை மீட்டர் புரிந்தது. ஆனால் என் சார்பு வேகத்தைச் சரிபார்க்கவாவது வைத்துக்கொள்ளலாமே? இடைவெளி குறைந்தால் விடை 600-க்கு மேல், கூடினால் கீழ். 505 எழுதியவர்கள் அங்கேயே மாட்டியிருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஒரே பக்கம் போனால் விடை 600-ஆகவே வர வேண்டும் என்பது இன்னொரு சோதனை. 505 வந்த முறையில் இரண்டுக்கும் 40 போட்டால் 300/380 வருகிறது, 600 வரவில்லை.

குமரேசன்:

அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அருமையான சோதனை. அதிலேயே காற்றும் அடங்கிவிடுகிறது. இருவரும் ஒரே வேகத்தில் போவதும், இருவரும் நிற்கக் காற்று வீசுவதும் ஒன்றுதான். வெறும் காற்றால் அதிர்வெண் மாறாது. செல்திசையில் காற்று w வேகத்தில் வீசினால் v இருக்கும் இரண்டு இடத்திலும் v + w.

கோகிலா:

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். 'தோற்ற அதிர்வெண்' என்று எழுதுகிறீர்கள், நாங்களும் 'தோற்ற மீடிறன்' என்கிறோம். போன வருடம் ஒரு பெடியன் கேட்டான்: "டீச்சர், தோற்ற மீடிறன் இது என்றால் வென்ற மீடிறன் எது?" சிரித்துவிட்டேன். ஆனால் தோற்றம் என்றால் பொய்த்தோற்றம் என்றும் நினைக்கிறார்கள். ஒலிவாங்கியை வைத்தாலும் அது 640-தான் பதியும். பொய்யில்லையே.

முத்து:

இதற்கு என்னால் உதவ முடியும். 'கேளதிர்வெண்'. கேள் + அதிர்வெண்.

குமரேசன்:

அழகாக இருக்கிறது. ஆனால் ராடாருக்கும் ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேனுக்கும் காது ஏது? 'பெறு அதிர்வெண்' என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முத்து:

'பெறு' வறட்சியாக இருக்கிறது ஐயா. வினாத்தாளில் கேளதிர்வெண் என்றால் பிள்ளை யாருடைய காதில் என்று யோசிக்கும்.

செல்வி:

இரண்டையும் அடைப்புக்குறியில் போட்டு இந்தப் பருவம் ஓட்டிப் பார்க்கிறேன். குறிவழக்கு, அணுகல் வழக்கு, செல்திசை மூன்றையும் எடுத்துக்கொண்டேன். 'எதிர்திசை'யில்தான் எனக்கே திருப்தி இல்லை. எதிர்க்குறி என்று வேறு சொல்கிறோம், இரண்டும் மோதும்.

அடுத்த கணக்கிலேயே செல்திசையும் இடிக்கிறது. மலைச்சுவரை நோக்கி 20 மீ/வி வேகத்தில் போகும் பேருந்து 600 ஹெர்ட்ஸ் ஹாரன் அடிக்கிறது, எதிரொலி ஓட்டுநருக்கு எப்படிக் கேட்கும்? போகும்போது சுவர் கேட்பவர்: 600 × 340/320 = 637.5. திரும்பும்போது சுவரே மூலம், செல்திசை இப்போது சுவரிலிருந்து பேருந்துக்கு, ஓட்டுநரின் வேகம் −20. 637.5 × 360/340 = 675. ஒரே கணக்கில் இரண்டு செல்திசை. திரும்பி வருவதை 'மீள்திசை' என்றால் பிள்ளைகள் அதற்குத் தனி வாய்பாடு தேடுவார்கள். இதையும் செல்திசை என்றே வைத்துக்கொள்ளவா, கோகிலா?

கோகிலா:

செல்திசை என்றே வையுங்கோ. ஒலி எங்கே செல்கிறதோ அதுதான் செல்திசை, போனாலும் வந்தாலும். ஆனால் படத்தில் இரண்டு அம்பு போட மறக்க வேண்டாம்.